கால் அகலமா, ஊன்றகலமா? நிலைப் படங்களுக்கான கலைச்சொற்கள்

மடல் 1: படிவம் தயாரிப்பவர்

குழுவினருக்கு வணக்கம். தற்காப்புக் கலை மாணவர்கள் அனுப்பும் ஒளிப்படத்தைப் பார்த்து அவர்களுடைய நிலையை மதிப்பிட ஒரு படிவம் எழுதி வருகிறேன். கால் அகலம், முழங்கால் மடிப்பு, கைக்காப்பு, சமநிலை என நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தின் பெயர்தான் உறுத்துகிறது. 'கால் அகலம்' என்றால் செருப்புக்கு அளவெடுப்பதுபோல் இருக்கிறது. வேறு சொல் தருவீர்களா?

மடல் 2: குத்துச்சண்டை பழகுபவர்

'கால் இடைவெளி' போதுமே, எல்லாருக்கும் புரியும். சமநிலைக் கட்டமும் எளிதுதான். தொப்புளிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போடுங்கள். இரு பாதங்களுக்கு நடுவே விழுந்தால் சரி, வெளியே போனால் தவறு.

மடல் 3: கராத்தே பயிற்சியாளர்

'கால் இடைவெளி' என்பதில் இரண்டு வேறு அளவுகள் கலந்துவிடுகின்றன. ஜென்குட்சு-டாச்சியில், அதாவது முன்காலை மடக்கி எடையை முன்னால் வைக்கும் நிலையில், பாதங்களுக்கு இடையே முன்பின்னாக ஒரு தூரம், பக்கவாட்டில் ஒரு தூரம். முன்பின் தூரம் போதாவிட்டால் நிலை உயர்ந்துவிடும். பக்கத் தூரம் போதாவிட்டால் கயிற்றின்மேல் நிற்பவர்போல் இரு குதிகாலும் ஒரே கோட்டில் வந்து, பக்கத்திலிருந்து லேசாகத் தள்ளினாலே ஆள் சாய்வார். இரண்டு தவறுக்கும் திருத்தம் வேறு. ஆகவே பக்கவாட்டுக்கு 'ஊன்றகலம்', முன்பின்னுக்கு 'ஊன்றுநீளம்', பாதங்கள் வளைத்து அடைக்கும் தரைக்கு 'ஊன்றுபரப்பு' என்று வைக்கலாம்.

பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். முன்பாதத்தின் நீளம் 40 பிக்சல். பின்குதிகாலிலிருந்து முன்குதிகால் வரை 124 பிக்சல். ஆக ஊன்றுநீளம் ஏறக்குறைய மூன்று பாதம். இந்த நிலைக்குப் பொருத்தமான அளவு. பின்பாதத்தை அளவுகோலாக எடுக்கக் கூடாது. அது வெளிப்பக்கம் திரும்பியிருப்பதால் படத்தில் குட்டையாகத் தெரியும். முன்முழங்காலிலிருந்து இறக்கிய கோடு விரல்களின் அடிப்பகுதியில் விழுகிறது, அதுவும் சரி. விரல் நுனியைத் தாண்டியிருந்தால் எடை முன்னால் வழிந்து, பாதத்தின் பிடி போய்விடும். பின்முழங்கால் நீண்டிருக்கிறதா என்று மட்டும் சொல்ல முடியவில்லை, தொளதொளப்பான கால்சட்டை மறைக்கிறது.

இந்தப் படத்தில் ஊன்றகலம் தெரியவே தெரியாது. முன்முழங்கால் உள்பக்கம் சரிந்திருக்கிறதா என்பதும் அப்படியே. இரண்டுக்கும் நேர்முன்னிருந்து எடுத்த படம் வேண்டும். கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுத இடம் விடுங்கள், ஊகித்து நிரப்ப விடாதீர்கள். கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்து நாலைந்து மீட்டர் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். கிட்ட நின்று எடுத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள கால் பெரிதாகத் தெரிந்து அளவைக் கெடுக்கும்.

தொப்புள் கோட்டைப் பற்றி: அசையாமல் நிற்பவருக்கு அது உதவும். ஆனால் அடி எடுத்து வைக்கும் நடுவில் எடுத்த படத்தில் கோடு ஊன்றுபரப்புக்கு வெளியே போவது இயல்பு. நடக்கும் எவருக்கும் அப்படித்தான். உள்ளே விழுந்தாலும் போதாது. ஜென்குட்சுவில் எடை முன்காலில் ஏறக்குறைய 60, பின்காலில் 40. கோடு நட்டநடுவில் விழுந்தால் விழமாட்டார், ஆனால் நிலை அதுவல்ல.

மடல் 4: பெற்றோர் ஒருவர்

என் மகன் வலக்கைக்காரன். செல்பேசியில் எடுத்த படத்தில் இடக்கைக்காரன்போல் வலக்கால் முன்னால் நிற்கிறது. இதற்கு என்ன கலைச்சொல்?

மடல் 5: கராத்தே பயிற்சியாளர்

முன்கேமராவில் எடுத்த படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கலாம். சீருடையைப் பாருங்கள்: அணிந்தவரின் இடப்பக்க மடிப்புதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே இருந்தால் படத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு மதிப்பிடுங்கள். இதற்குத் தனிச்சொல் வேண்டாம்.

மடல் 6: குத்துச்சண்டை பழகுபவர்

அடி வைக்கும் படத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் 'கைக்காப்பு' என்றால் வளையல் என்றல்லவா படிக்கிறது! 'தடுப்புக்கை' ஆகாதா?

மடல் 7: கராத்தே பயிற்சியாளர்

தடுப்பு என்பது அடி வந்தபின் செய்வது. இந்தக் கட்டத்தில் பார்ப்பது அடி வருமுன் கை எங்கே இருக்கிறது என்பதை. குத்துச்சண்டையில் பின்கை கன்னத்தருகே, முழங்கை விலாவை மூடியபடி. முழங்கை வெளியே விரிந்தால் விலா திறந்துவிடும். 'அரண்கை' என்று வைத்தால் இந்தப் பொருள் வரும்.

மடல் 8: படிவம் தயாரிப்பவர்

ஊன்றகலம், ஊன்றுநீளம் இரண்டையும் தனித்தனிக் கட்டமாக்கிவிட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் 'தெரியவில்லை' சேர்த்தாயிற்று. 'அரண்கை' செவிக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கராத்தேயில் ஒரு கை இடுப்பருகே இழுத்து வைக்கப்படும்போது அதையும் அரண்கை என்பதா? 'சமநிலை' என்ற தலைப்பும் அசையும் படத்துக்குப் பொருந்தவில்லை; 'எடைக்கோடு' என்று மாற்றலாமா? இந்த இரண்டுக்கும் கருத்து வரட்டும், அதுவரை பழைய பெயர்களே படிவத்தில் இருக்கும்.