புதுப்பிப்பு: 360 எப்படி 340 ஆனது?

அன்று நான் கேட்டது: "24 இலட்சத்தில் x கிணறு, y மதகு. பணம் 2x+3y≤24, வேலையாள் 2x+y≤16, பயன் Z=30x+40y ஆகக் கூடியதாக வேண்டும். (12,0)-இல் 360 வருகிறதே, விடை ஏன் 340?"

பிழை என்னுடையதுதான். ஒரு இலட்சத்துக்குக் கிணறு தரும் பயன் 15, மதகு தருவது 13 சொச்சம். எல்லாவற்றையும் கிணற்றில் போடு என்றான் மச்சான். பணம் மட்டுமே தடை என்றால் சரி. திருகோணமலை வளாகத்தில் படிக்கும் அக்கா (12,0)-ஐ இரண்டாவது தடையில் போடச் சொன்னா: 24 வந்தது, இருப்பதோ 16. அந்தப் புள்ளி இரண்டு தடைக்கும் பொதுவான பகுதிக்கு வெளியே. நான் பணக்கோட்டுக்கு மட்டும் நிழலிட்டிருந்தேன்!

மிச்ச மூலைகள்: (8,0) 240, (0,8) 320, கோடுகள் வெட்டும் (6,4) 340.

மூதூர் நண்பர் தன் ஐந்து திட்டங்களை வரைபடத்தில் போடக் கேட்கிறார். ஐந்துக்கு ஐந்து அச்சு வேண்டும்; தாளில் இரண்டுதானே, அண்ணை. என் நிழல் பிழைத்ததற்கு மதிப்பெண் வெட்டுவார்களா, தெரியவில்லை.