டேட்டிங் செயலியில் தூரத்தை மறைக்க வழி உண்டா?

அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் தங்கை ஒரு டேட்டிங் செயலியில் வேறு பெயரில், முகம் தெரியாத படத்தோடுதான் இருக்கிறாள். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவன், "கோயிலுக்குப் பின்னால் இருக்கிற லயம்தானே?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

செயலி காட்டும் தூரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பான் என்று நினைக்கிறேன். டவுனில் நின்று பார்த்தால் 6 கிலோமீட்டர், தோட்ட வாசலில் 2, கோயிலடியில் 1. மூன்று இடத்திலிருந்தும் வட்டம் போட்டால், அவை சேரும் இடத்தில் ஆள் இருக்கிறாள். பட்டணத்தில் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கும். இங்கே ஒரே ஒரு லயம்தான்.

ஆண்ட்ராய்டில் துல்லியமான இருப்பிடத்தை அணைத்துவிட்டேன். ஆனால் அப்போதும் ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் ஆள் இருப்பது செயலிக்குத் தெரியுமாம். எங்கள் குடியிருப்பு மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும்.

கட்டணமில்லாமல் தூரத்தையே மறைக்கவிடும் செயலி எது? டவுனில் ஒரு தடவை திறந்துவிட்டு, அப்புறம் இருப்பிட அனுமதியை எடுத்துவிட்டால் டவுன் தூரத்தையே காட்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.