விற்பனையாளர் பெயரைப் பார்த்து வாங்குபவர் எங்கே தயங்குகிறார்? அனுபவங்களை எழுதுங்கள்

சரக்குமூட்டை

பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்களை வாங்கி, பூஞ்சை எடுத்து, அபர்ச்சர் இதழ்களைச் சுத்தம் செய்து ஈபேயில் விற்கும் என் கணக்கு. பெயர் `best_lens_deals_4u_2024`. படங்களில் குறையில்லை, கீறல் இருந்தால் அதையும் காட்டியிருக்கிறது, மதிப்புரைகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வருகிற முதல் செய்தி பெரும்பாலும் "இது நீங்க எடுத்த படம்தானா?" அல்லது "பணம் கட்டினா பொருள் வருமா?" என்பதுதான். சந்தேகம் பெயரிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். பெயரை மாற்றியவர்களும், மாற்றப்போய்ச் சிக்கலில் மாட்டியவர்களும் கண்டதை எழுதுங்கள்.

ஊசிக்கண்

பெயரிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். `best` என்பதை வாங்குபவர் சரிபார்க்க வழியே இல்லை. `deals` என்றால் உங்கள் தொழில் லென்ஸ் இல்லை, தள்ளுபடி என்று அர்த்தமாகிறது. பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றதும் "ஏன் மலிவு?" என்ற கேள்வி எழும். அதற்கு அவர் மனதில் தோன்றும் பதில்கள் எதுவும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. `4u`, மொத்தமாக அனுப்பப்படும் விளம்பரக் குறுஞ்செய்தியின் மொழி. `2024` என்பதைப் பார்த்தால் அந்த வருடம் திறந்து, பிரச்சினை வந்ததும் மூடிவிடப்போகிற கணக்கு மாதிரி இருக்கிறது. அடுத்த ஜனவரியிலேயே அது பழசாகியும் விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேடும்போது யாரும் விற்பனையாளர் பெயரைப் பார்ப்பதில்லை. படம், விலை, தலைப்பு, அவ்வளவுதான். பெயர் கண்ணில் படுவது மூன்று இடங்களில்: பணம் கட்டுவதற்குச் சற்று முன், நீங்கள் அனுப்பும் செய்தி அவர் போனில் அறிவிப்பாக வரும்போது, பொட்டலம் வந்து சேரும்போது. நடுவில் உள்ளதுதான் மோசம். "best_lens_deals_4u_2024 உங்களுக்குச் செய்தி அனுப்பியுள்ளார்" என்று ஒரு அறிவிப்பு வந்தால், தான் ஆர்டர் போட்டதையே மறந்து அழித்துவிடுவார். மோசடி மின்னஞ்சல்கள் வருகிற அனுப்புநர் பெயர்களும் இப்படித்தானே இருக்கின்றன.

அதனால் பெயர் "ஏன் வாங்க வேண்டும்" என்று சொல்ல வேண்டாம். "யார், என்ன விற்கிறார்" என்று சொன்னால் போதும். வாக்குறுதிக்குப் பொருள் விவரத்தில் இடம் இருக்கிறது.

பொட்டலம்ராஜா

அண்ணே, எனக்குத் தெரிஞ்சவரை பேர்ல கீவேர்ட் இருந்தாத்தான் தேடல்ல மேல வரும். `lens`, `camera`, `vintage` மூணையும் போட்டுடுங்க. கூடவே கேனான், நிக்கான்னு ஏதாவது ஒரு பேரையும் சேர்த்து கடைசியில `official`னு போட்டா நம்பிக்கையும் வந்துடும்.

ஊசிக்கண்

தம்பி, பாதி சரி. `lens` என்ற ஒரு சொல் இருப்பது நல்லதுதான், ஆனால் காரணம் வேறு. மூன்று கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு "அந்த லென்ஸ் ஆள்" என்று நினைவில் நிற்கும். பொருளைத் தேடி வருகிறவரைப் பிடிக்க வேண்டியது தலைப்பும் வகையும் பண்புக்கூறுகளும். மூன்று கீவேர்டை ஒட்டினால் அது பெயராக இல்லாமல் தேடல் வரியாகத் தெரியும்.

இரண்டாவது யோசனை ஆபத்து. "கேனான் கேமராவுக்குப் பொருந்தும்" என்று தலைப்பில் எழுதுவது பொருளை விவரிப்பது, உண்மையாக இருந்தால் பொதுவாகப் பிரச்சினை வராது. அதே பெயரைக் கடைப்பெயரில் வைத்தால் நீங்களே அந்த நிறுவனம் அல்லது அதன் அங்கீகாரம் பெற்றவர் என்று சொல்வதாகிவிடும். வர்த்தக முத்திரை உரிமையாளர் புகார் கொடுத்தால் பெயரோடு நிற்காது, பட்டியல்களும் போகலாம். `official` என்பது சொந்த பிராண்டு வைத்திருப்பவருக்கு மட்டும். தளத்தின் பெயரையும் சேர்க்காதீர்கள். பயனர் பெயரில் `ebay` என்ற சொல்லோ இணைய முகவரியோ இருந்தால் ஈபே ஏற்காது. `Ltd`, `Inc` வகையையும் சேர்க்காதீர்கள். பதிவு செய்த நிறுவனம் இல்லாமல் அதைப் போடுவது பல நாடுகளில் சட்டப்படியே தவறு.

நூல்கண்டு

எனக்கு ஒரு சந்தேகம். அமேசானில் உயிரெழுத்தே இல்லாமல் ஆறேழு பெரிய எழுத்துகளைக் குவித்த மாதிரி பெயர்கள் நிறைய வருகின்றனவே. அதுபோல ஒன்று வைத்தால் வர்த்தக முத்திரை சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்கள். லென்ஸுக்கும் அப்படி வைக்கலாமே?

ஊசிக்கண்

அது பொருளின் பிராண்டுப் பெயர், விற்பனையாளர் பெயர் இல்லை. அமேசானின் பிராண்டு பதிவுத் திட்டத்துக்கு வர்த்தக முத்திரை வேண்டும். அர்த்தமில்லாத எழுத்துக்கோவை வேறு முத்திரையோடு மோதுவது அரிது, பொருளை வெறுமனே விவரிக்கிறது என்று மறுக்கவும் முடியாது, அதனால்தான் அப்படி வைக்கிறார்கள். போன் உறை வாங்குகிறவருக்கு அது பொருட்டில்லை. பழைய லென்ஸ் வாங்குகிறவர் உங்கள் கண்ணையும் கையையும் நம்பித்தான் வாங்குகிறார். எழுத்துக்குவியல் அங்கே எடுபடாது.

காகிதக்கப்பல்

என் கடை விஷயம் கொஞ்சம் வேறு. கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள், பெயர் `EzhilPaper`. எழில் என்று நமக்குத் தெரியும். வெளியே `Ezil`, `Elil`, `Ezhill` என்று தட்டிவிட்டு "உங்க கடையைக் காணோம்" என்று பழைய ஆர்டருக்கே பதில் எழுதுகிறார்கள். ழகரம் உள்ள பெயர் வைத்தது தப்போ?

மூன்றாம்படி

தப்பில்லை மேடம். தமிழ்ப் பெயர் இருந்தால் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது, எழுத்துப்பிழைக்குப் பயந்து அதை விடுவானேன்?

ஊசிக்கண்

எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். மனிதப் பெயர் நம்பிக்கை தரும், சரி. ஆனால் காதால் கேட்டு ஒரே மாதிரி எழுத முடியாத பெயர், வாய்வழியாக ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும்போது பாதியில் தொலைந்துபோகும். ழ, ற, நெடில் மூன்றும் ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி வரும். "மலர்" போல ஒரே எழுத்துக்கூட்டு உள்ள சொல் கிடைத்தால் அது மேல். ஏற்கெனவே மதிப்புரை சேர்ந்த கடை என்றால் நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

சரக்குமூட்டை

சரி, நான் யோசித்து வைத்தவை: `VintageLensWorld`, `LensIllume`, `LensExchange`, `ManualFocusBench`, `LensBench`. எதைத் தள்ளலாம்?

ஊசிக்கண்

முதலில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுதிப் பாருங்கள். இணைய முகவரியிலும் சில அறிவிப்புகளிலும் அப்படித்தான் வரும்.

`lensexchange`: நடுவில் மூன்று எழுத்துகளைச் சேர்த்துப் படியுங்கள். தகாத சொல் வடிகட்டி அதைத்தான் முதலில் பார்க்கும். தளம் விட்டாலும், வாங்குபவரின் அலுவலக மின்னஞ்சல் வடிகட்டி உங்கள் செய்தியைக் குப்பைக்கு அனுப்பலாம். தள்ளுங்கள்.

`LensIllume`: பெரிய `I` எழுத்தும் சிறிய `l` எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒரே கோடு. மூன்று கோடு அடுத்தடுத்து நிற்கிறது, எதை எத்தனை முறை தட்டுவது என்று தெரியாது. அதோடு, ஒரு எழுத்தை மாற்றி அதே தோற்றத்தில் இன்னொருவர் கணக்கு திறக்கவும் வசதி. `0` மற்றும் `O`, `rn` மற்றும் `m` ஆகியவற்றுக்கும் இதே குறை.

`VintageLensWorld` தவறில்லை, ஆனால் இதே சாயலில் ஏற்கெனவே நிறையப் பெயர்கள் இருக்கும். தனி ஆள் `World` என்று போட்டுக்கொள்வதும் கொஞ்சம் வீங்கித் தெரிகிறது.

மீதி இரண்டும் நல்லவை. `ManualFocusBench` 16 எழுத்து. எட்ஸியில் கடைப்பெயர் 4 முதல் 20 எழுத்துக்குள், இடைவெளியோ சிறப்புக் குறியோ இல்லாமல் இருக்க வேண்டும், அதனால் அங்கேயும் பொருந்தும். `Bench` என்ற சொல் பழுதுபார்க்கும் மேசையை நினைவூட்டுகிறது, வாக்குறுதி எதுவும் தரவில்லை. குறை ஒன்றுதான், நாளை ஆட்டோ ஃபோகஸ் விற்க ஆரம்பித்தால் பெயர் இடிக்கும்.

பொட்டலம்ராஜா

`LensBench`ஐ வேற யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தா? `LensBench88`னு போடலாமே, பொறந்த வருஷம்.

மூன்றாம்படி

88 வேண்டவே வேண்டாம். ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது `H`. இரண்டு எட்டு சேர்ந்தால் ஹிட்லர் வணக்கத்துக்கான சங்கேதமாக நவநாஜிகள் பயன்படுத்துகிறார்கள். சீன மொழியில் எட்டு அதிர்ஷ்ட எண், அதனால் நல்லெண்ணத்தோடு வைப்பவர்களும் உண்டு. ஆனால் யார் எப்படிப் படிப்பார்கள் என்று உங்களால் தீர்மானிக்க முடியாது. அதோடு, பிறந்த வருடத்தை ஊருக்கே அறிவிப்பதும் பாதுகாப்பில்லை.

எண் ஒட்டினால் இன்னொரு சிக்கல்: பெயருக்குப் பின்னால் எண் வருவது பதிவின்போது தளம் தானாகக் கொடுக்கும் பெயரின் தோற்றம். மாற்றவே முனையாத புதுக் கணக்கு, அல்லது திருடிய கணக்கு என்று நினைப்பார்கள். எண்ணுக்குப் பதில் ஒரு சொல் சேருங்கள். `Repair` மட்டும் வேண்டாம், "என் லென்ஸைச் சரிசெய்து தருவீர்களா?" என்று கேட்டு எழுதுவார்கள்.

சரக்குமூட்டை

மாற்றினால் பழைய மதிப்புரைகள் போய்விடுமா?

ஊசிக்கண்

ஈபேயில் போகாது, அது கணக்கோடு ஒட்டியது. ஆனால் மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், அதனால் அவசரப்பட்டுச் சோதனை செய்யாதீர்கள். வரிசை முக்கியம்.

வழியில் இருக்கும் ஆர்டர்கள் சேர்ந்து, திறந்திருக்கும் புகார்கள் முடிந்தபின் மாற்றுங்கள். பணம் வாங்கிய கடையின் பெயர் நடுவில் வேறாகிவிட்டால் வாங்குபவர் ஏமாந்துவிட்டோம் என்றே நினைப்பார். அடுத்து, படங்களில் பழைய பெயர் வாட்டர்மார்க்காக இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கடை ஒரு பெயர், படத்தில் வேறு பெயர் என்றால் படம் திருடியது என்ற முடிவுக்குத்தான் வருவார்கள். உங்களுக்கு வந்த முதல் கேள்வியே படத்தைப் பற்றியது. அறிமுகப் பக்கத்தில் "முன்பு இன்ன பெயரில்" என்று ஒரு வரி சில மாதங்கள் இருக்கட்டும். பொட்டலத்தில் உங்கள் சொந்தப் பெயர் போகும் என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.

மாற்றும் முன் `branddb.wipo.int` தளத்தில் பெயரைத் தேடுங்கள், பல நாடுகளின் முத்திரைகள் இலவசமாகத் தெரியும். அதில் இல்லை என்பதால் யாரும் பயன்படுத்தவில்லை என்று ஆகாது, பொதுத் தேடலிலும் மேற்கோள் குறிக்குள் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம்படி

போனில் ஒருவரிடம் ஒருமுறை மட்டும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அவர் "இடையில் கோடு உண்டா?" என்று கேட்டால் அந்தப் பெயர் வேண்டாம்.

சரக்குமூட்டை

இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். `ManualFocusBench` இருவரும் சரியாக எழுதினார்கள். `LensBench` என்றதும் ஒருவர் `LensBeach` என்று எழுதினார். ஆட்டோ ஃபோகஸ் கேள்விக்குத்தான் இன்னும் விடை இல்லை. வழியில் மூன்று ஆர்டர்கள் இருக்கின்றன, அவை சேரும்வரை யோசிக்க நேரம் இருக்கிறது.

காகிதக்கப்பல்

நான் `EzhilPaper` பெயரை மாற்றவில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் கடைப்பெயரை எழுத்துக்கூட்டி அச்சிட்ட ஒரு சீட்டு வைக்கப்போகிறேன். பலன் தெரிந்தால் எழுதுகிறேன்.