புதுப்பிப்பு: ரூபாய், பைசா கூட்டலில் தவறும் மீதி

முன்பு நான் கேட்டது: "பைசாவையும் ரூபாயையும் தனித்தனியாகக் கூட்டும்போது என் மகளுக்கு ரூபாயில் ஒன்று குறைகிறது. ஏன்?"

காரணம் பிடிபட்டது. 47 ரூபாய் 85 பைசா, 36 ரூபாய் 70 பைசா, 28 ரூபாய் 65 பைசா என்ற கணக்கில் பைசா மட்டும் 220 வருகிறது. அதாவது 2 ரூபாய் 20 பைசா. அவளோ நூறைத் தாண்டினாலே ரூபாய்க்கு 1 என்று பழகியிருந்தாள். விடை 113.20க்குப் பதில் 112.20 ஆனது.

என் கேள்விக்குப் பதிலளித்த ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர் சொன்ன வழியே கைகொடுத்தது. எல்லாவற்றையும் பைசாவாக எழுதிவிட வேண்டும்: 4785, 3670, 2865. வழக்கம்போல் கூட்டினால் 11320. வலப்பக்கம் இரண்டு இலக்கம் விட்டுப் புள்ளி வைத்தால் 113.20. ரூபாய்க்குத் தனியாக எதையும் கொண்டுபோக வேண்டியதே இல்லை!

"புள்ளி வைத்து எழுதினாலே போதும்" என்றார் இன்னொருவர். பாதி சரி. 12 ரூபாய் 5 பைசாவை 12.5 என்று எழுதினால் அது 50 பைசாவாகிவிடும், 12.05 என்றே எழுத வேண்டும். பைசாவாக மாற்றும்போதும் 125 அல்ல, 1205.

25 பைசா நாணயம் 2011இலேயே செல்லாமல் போய்விட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பால் கணக்கிலும் வங்கி வட்டியிலும் பைசா இன்னும் வருகிறது, ஐயா.

ஐந்திலக்கக் கூட்டல் படிக்காத சிறு பிள்ளைக்கு இது பொருந்துமா என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் விடை இல்லை.