"ஆகாரம்" என்ற சொல்லுக்கு மாற்று வேண்டும்: வகுப்பில் சப்பாத்து அளந்தபோது எழுந்த கேள்வி

வெள்ளவத்தைக் கணித ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தரம் 9 பிள்ளைகளுக்கு இடை, இடையம், ஆகாரம் மூன்றையும் அவர்களுடைய உடம்பை வைத்தே படிப்பித்தேன். அன்று வந்தவர்கள் 15 பேர், ஆணும் பெண்ணும் கலந்த வகுப்பு. சப்பாத்தின் அடியில் இருந்த எண்ணை ஒவ்வொருவரும் பார்த்துச் சொன்னார்கள்:

```
3 4 4 4 4 4 5 6 7 8 8 8 8 8 9
```

கூட்டினால் 90, இடை 6. நடுவில் நிற்கும் எட்டாவது ஆளும் 6தான், ஆகவே இடையமும் 6. ஆனால் 6 போடுகிற பிள்ளை வகுப்பில் ஒரே ஒருத்தி! ஐந்து பேர் 4, ஐந்து பேர் 8. இந்த இடத்தில்தான் மூன்றாவது அளவை, அதாவது கூடிய தடவை வரும் பெறுமானம், உயிரோடு நிற்கிறது.

அதற்கு நம் பாடநூல் தரும் பெயர் ஆகாரம். சொன்னதும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஞாபகம் வந்துவிட்டது. சரி, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள "முகடு" என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டு முகடு தெரிந்த பிள்ளைகள், உடனே பிடித்துக்கொண்டார்கள். அடுக்குப் படம் வரைந்து "முகடு எது?" என்று கேட்டபோது பாதிப் பேர் "5" என்றார்கள். அது முகட்டின் உயரம், ஐந்து பேர் என்ற எண்ணிக்கை. நான் எதிர்பார்த்த விடை 4ம் 8ம். அவர்கள் சொன்ன 5ஆம் அளவு சப்பாத்தைப் போடுவதோ ஒரு பிள்ளை மட்டும். பிழை பிள்ளைகளுடையதா, சொல்லினுடையதா? எனக்குச் சொல்லில்தான் சந்தேகம். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

பல்கலைக்கழக மாணவன்:

ரீச்சர், "பெரும்பான்மை" என்று வைக்கலாமே? எல்லாருக்கும் தெரிந்த சொல். இன்னொன்று, சப்பாத்து அளவுக்கு இடை காண்பதே பிழை. அது வெறும் அடையாள எண், பஸ் இலக்கம் மாதிரி. 138ஐயும் 100ஐயும் கூட்டி இரண்டால் வகுப்பீர்களா?

ஓய்வுபெற்ற புள்ளிவிபரவியல் விரிவுரையாளர், தெஹிவளை:

தம்பி, இரண்டிலும் கொஞ்சம் நில்லும். பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல். ரீச்சரின் வகுப்பில் 15இல் 5தான் உச்சம், மூன்றில் ஒன்று. அந்தச் சொல்லை வைத்தால் பிள்ளைகள் 8 பேரைத் தேடுவார்கள்.

சப்பாத்து அளவும் பஸ் இலக்கம் போன்றதல்ல. நம் கடைகளில் இருக்கும் பிரித்தானிய அளவில் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர், நீளம் கூடும். படிகள் சமமாக இருப்பதால் இடை காணலாம். 6 என்ற இடை, வகுப்பின் சராசரிப் பாத நீளத்தை ஒழுங்காகவே சொல்கிறது. எந்தச் சப்பாத்தை வாங்கிவைப்பது என்று மட்டும்தான் அது சொல்லாது. ஆனால் 8 என்பது 4இன் இரு மடங்கு என்று சொல்லக்கூடாது, ஏனென்றால் அளவு பூச்சியத்தில் தொடங்கும்போதே சப்பாத்துக்கு ஒரு நீளம் இருக்கிறது.

ரீச்சர் கண்ட பிழைக்கு வேர் உண்டு. ஆங்கிலப் புள்ளிவிபரவியலாளர் கார்ல் பியர்சன் 1895இல் இந்த அளவைக்கு mode என்று பெயர் வைத்தபோது உச்சியை அவர் குறிக்கவில்லை. உச்சிக்கு நேர்கீழே கிடை அச்சில் எந்தப் பெறுமானம் இருக்கிறதோ அதைத்தான் குறித்தார். முகடு என்ற சொல் கண்ணை மேலே இழுக்கிறது, விடை கீழே கிடக்கிறது. என்னுடைய பரிந்துரை "மலிவெண்". மலிதல் என்றால் மிகுதல்.

புறக்கோட்டையில் முன்பு சப்பாத்துக் கடை நடத்தியவர்:

ஐயா, கோபிக்க வேண்டாம். கடையில் மலிவெண் என்றால் விலை குறைந்தது என்றுதான் விளங்கும். நாங்கள் 30 வருசம் "ஓடுற சைஸ்" என்றுதான் சொன்னோம். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும் முன் வெள்ளைச் சப்பாத்து எடுக்கும்போது ஓடுற சைஸில் கூட எடுப்போம், ஓரத்துச் சைஸ்களில் ஒன்றிரண்டு. ரீச்சர் சொன்ன வகுப்புக்கு நான் 6ஐ நம்பிச் சரக்கு எடுத்திருந்தால் பெட்டி பெட்டியாகத் தூசி தட்டியிருப்பேன்.

தரம் 2 பிள்ளையின் தாய், கொட்டாஞ்சேனை:

என் மகனுக்கு 13ஆம் அளவு. வகுப்பில் சிலருக்கு 1. அவன்தான் எல்லாரிலும் பெரிய கால்காரனா? கடையில் கேட்க மறந்துவிட்டேன். இங்கே சப்பாத்து பற்றிப் பேசுவதால் கேட்கிறேன்.

விரிவுரையாளர்:

இல்லை அம்மா, பிள்ளைகளின் அளவு 13 வரை போய்த் திரும்ப 1இல் தொடங்கும். 1 போடுகிறவர்களுக்குத்தான் பெரிய கால். ரீச்சர், இதைக் குறித்துவையுங்கள்: சின்ன வகுப்பில் இந்தப் பயிற்சி செய்தால் இடையும் இடையமும் இரண்டுமே கெட்டுவிடும். 13ஐயும் 1ஐயும் கூட்டி 7 என்று விடை வரும், எண் வரிசையில் நிறுத்தினால் சின்னக் கால்காரன் கடைசியில் நிற்பான். கெடாமல் இருப்பது நாம் பெயர் தேடுகிற மூன்றாவது அளவை மட்டும்தான், அதற்கு வரிசையே தேவையில்லை. சப்பாத்தின் நிறத்துக்குக்கூட அதைக் காணலாம். அந்த வகையில் முகடு இன்னும் பொருந்தவில்லை, நிறங்களை எந்த ஒழுங்கில் அடுக்கினாலும் சரிதானே?

ஆசிரியை:

கடைக்கார ஐயாவின் சொல் என்னை யோசிக்க வைத்தது. "ஓடுற சைஸ்" என்பதில் தலைச்சொல் சைஸ். யாரும் அதற்கு எண்ணிக்கையை விடையாகச் சொல்ல மாட்டார்கள். முகடு, மலிவெண் இரண்டிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதே அமைப்பில் "மிகுவரு" என்று அடையாக வைத்தால் என்ன? மிகுவரு அளவு, மிகுவரு நிறம், பொதுவாக மிகுவரு பெறுமானம். நேற்று கேட்டுப் பார்த்தேன், "மிகுவரு அளவு எது?" என்றதற்கு ஒருவர்கூட 5 என்று சொல்லவில்லை. ஆனால் முன்பே ஒருமுறை திருத்தியிருந்தேன், அதனால் இதை உறுதியான சோதனை என்று சொல்ல மாட்டேன்.

உயரத்தில் வேறு சிக்கல். தாழ்வாரத்தில் வரிசையாக நிறுத்தினேன், எட்டாவது பிள்ளை 154 சென்ரிமீற்றர். இடையத்தை விளக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, கணக்கே போடாமல் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவரலாம். முழுப் பட்டியல்:

```
143 146 148 149 151 152 153 154
155 157 158 160 163 163 168
```

இரண்டு முறை வருவது 163 மட்டும். அப்படியென்றால் மிகுவரு உயரம் 163 என்று சொல்ல மனம் வருகிறதா? 163க்கு மேல் ஒரே ஒரு பிள்ளைதான். ஐந்தைந்தாகக் கூட்டமாக்கினால், 141இலிருந்து தொடங்கும்போது 151–155 கூட்டத்தில் ஐந்து பேர், அது தனியே உயர்ந்து நிற்கிறது. 143இலிருந்து தொடங்கினால் 148–152இலும் 153–157இலும் நான்கு நான்கு பேர், இரட்டையாகிவிடுகிறது. பிள்ளைகள் அதே, உயரம் அதே.

விரிவுரையாளர்:

அதைத்தான் வகுப்பில் காட்ட வேண்டும். தொடர்ந்து மாறும் அளவில் இது நாம் வெட்டும் இடத்தைப் பொறுத்தது, 15 பேரில் இன்னும் மோசம். சப்பாத்து தானே துண்டு துண்டாக வருவதால் பிழைத்துக்கொள்கிறது.

மிகுவரு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குறை, அடைமொழி தனியே நிற்காது, அட்டவணைத் தலைப்பில் ஒற்றைச் சொல் வேண்டும். இரு கூம்பு உள்ள பரம்பலுக்கு "இருமுகட்டுப் பரம்பல்" என்பதை விட மாட்டேன். அங்கே படத்தின் வடிவத்தைத்தானே சொல்கிறோம்.

மாணவன்:

அப்போ வடிவத்துக்கு முகடு, பெறுமானத்துக்கு மிகுவரு. ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் "ஆகாரம் காண்க" என்றுதானே கேட்பார்கள்?

ஆசிரியை:

ஆமாம். அதனால் கரும்பலகையில் ஆகாரத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். அடுத்த தவணையில் வேறொரு பிரிவுக்கு முதல் நாளிலிருந்தே "மிகுவரு" என்று சொல்லி, எத்தனை பேர் எண்ணிக்கையை விடையாக எழுதுகிறார்கள் என்று எண்ணி இங்கே போடுகிறேன். அப்புறம் இடை, இடையம் இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதைப் பற்றியும் பேச வேண்டும், அது தனி இழை.