கர்ல் அடிக்கும்போது டம்பெல்லை இறக்குவது எந்தத் தசை?

கதிர்_ஈரோடு: எங்கள் ஜிம்மில் இதை வைத்து ஒரு வாக்குவாதம். தூக்கும்போது மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் அகோனிஸ்ட், அதாவது வேலையைச் செய்யும் தசை. பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ் ஆன்டகோனிஸ்ட், அதாவது அதற்கு எதிர்த்தசை. இறக்கும்போது இரண்டும் இடம் மாறிக்கொள்ளும் என்கிறார் மாஸ்டர். 10 கிலோ டம்பெல்லை மெதுவாக இறக்கினால் மறுநாள் எனக்குக் கையின் முன்பக்கம்தான் வலிக்கிறது. உங்கள் அனுபவம் என்ன?

பழைய_பயில்வான்: மாஸ்டர் சொல்வது சரிதான். முழங்கையை மடக்குவது பைசெப்ஸ், நீட்டுவது ட்ரைசெப்ஸ். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே?

பிசியோ_மீனா: நீட்டும் வேலை ட்ரைசெப்ஸுடையது என்பது உண்மை. ஆனால் கர்லில் கையை நீட்டுவது டம்பெல்லின் எடைதான். அது தடாலென்று விழாமல் பைசெப்ஸ் இறுகியபடியே கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. ஆக, இறங்கும்போதும் அதுதான் அகோனிஸ்ட். நீளும்போது தாங்குகிற இந்த வேலைதான் மறுநாள் வலியை அதிகம் தரும்.

என்னிடம் வருபவர்களை இப்படிச் செய்து பார்க்கச் சொல்வேன். டம்பெல்லை மெதுவாக இறக்கிக்கொண்டே மறு கையால் மேல்கையின் பின்பக்கத்தைப் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். அப்புறம் டம்பெல்லை வைத்துவிட்டு, உள்ளங்கையால் மேசையைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். அதே இடம் கல் மாதிரி ஆகும். அங்கே ட்ரைசெப்ஸ்தான் அகோனிஸ்ட். எந்தத் தசைக்கும் இது நிரந்தரப் பதவி இல்லை.

தையல்_செல்வி: எனக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலி. கத்தரிக்கோல் பிடித்தாலே சுருக்கென்கிறது. அப்போ ட்ரைசெப்ஸ் பலவீனமா?

பிசியோ_மீனா: அக்கா, ட்ரைசெப்ஸ் முழங்கையின் பின்பக்கம் இருப்பது. வெளிப்பக்கத்தில் மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் தொடங்குகின்றன. பார்க்காமல் சொல்ல முடியாது, நேரில் காட்டுங்கள்.

கதிர்_ஈரோடு: அப்போ சினர்ஜிஸ்ட், அதாவது அகோனிஸ்ட்டுக்குத் துணை நிற்கும் தசை, எது?

பிசியோ_மீனா: பைசெப்ஸுக்கு அடியில் பிரேக்கியாலிஸ் இருக்கிறது. கையை எப்படித் திருப்பினாலும் அது மடக்கும். பைசெப்ஸ் அப்படியில்லை. அது கட்டைவிரல் பக்க எலும்பில் பிடித்திருப்பதால், உள்ளங்கையைக் கீழே திருப்பினால் அதன் இழுவை குறையும். கட்டைவிரல் மேலே இருக்கும்படி சுத்தியல் பிடியில் தூக்குங்கள். முழங்கைக்குக் கீழே கட்டைவிரல் பக்கமாக ஒரு மேடு புடைக்கும். அதுதான் பிரேக்கியோரேடியாலிஸ், இன்னொரு துணை.

ஜிம்_ராஜா: என்னோடு பயிற்சி செய்யும் பையன் 15 கிலோவை எடுத்தால் முழங்கை விலாவை விட்டு முன்னால் போகும், இடுப்பு பின்னால் வளையும். அதுவும் சினர்ஜிஸ்ட்தானே?

பிசியோ_மீனா: அது திருட்டு! தோளும் முதுகும் சேர்ந்து எடையை வீசுகின்றன. சுவரில் முதுகைச் சாய்த்து அதே 15 கிலோவைத் தூக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

பழைய_பயில்வான்: அப்போ ட்ரைசெப்ஸ் சும்மா இருக்கிறது என்கிறீர்களா? வேகமாகத் தூக்கினால் மேலே போய் நிற்க வேண்டாமா?

பிசியோ_மீனா: வேகமாக வீசினால் முடிவில் அது பிரேக் போடும், ஒத்துக்கொள்கிறேன். மூட்டை நிலையாகப் பிடிக்கவும் லேசாக இறுகும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பழைய_பயில்வான்: நான் சொன்னதும் அதைத்தான்.

ஜிம்_ராஜா: நீங்க சொன்னது அது இல்லைண்ணே.