வேப்பிலையும் மிளகாயும் போட்ட அரிசியில் வண்டு: மும்பை மழைக்காலத்தில் என்ன செய்வது?

லலிதா, செம்பூர்

வணக்கம். மே மாதக் கடைசியில் மாட்டுங்காவில் 25 கிலோ பொன்னிப் புழுங்கலரிசி, 5 கிலோ துவரம் பருப்பு, 2 கிலோ முழுப் பச்சைப்பயறு வாங்கினோம். அரிசியை எவர்சில்வர் டிரம்மில் கொட்டும்போதே, நிழலில் காய வைத்த வேப்பிலை 2 கைப்பிடி, வரமிளகாய் 15, பிரிஞ்சி இலை 10 ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டேன். பருப்பு டப்பாக்களிலும் அப்படியே செய்தேன்.

ஜூலை 3ஆம் வாரம் டிரம்மைத் திறந்தால் மூடியின் உள்விளிம்பில் மூக்கு நீண்ட சிறு வண்டுகள் ஊர்கின்றன, அள்ளிய கையில் மாவு போல் தூள் ஒட்டுகிறது, ஒரு வண்டு மிளகாயின் மேலேயே நிதானமாக உட்கார்ந்திருக்கிறது. பச்சைப்பயறில் வட்டமான துளைகளும், பயறின் மேல் ஒட்டிய வெள்ளைப் புள்ளிகளும் தெரிகின்றன. துவரம் பருப்பில் மட்டும் ஒன்றுமில்லை. அரிசி இன்னும் ஏறத்தாழ 22 கிலோ இருக்கிறது. நான் எங்கே தவறினேன்?

ரமணி, டோம்பிவிலி

அம்மா, 25 கிலோவுக்கு 2 கைப்பிடி போதாது. 4 கைப்பிடியாவது வேண்டும். மிளகாயைக் காம்பு கிள்ளாமல் போட வேண்டும். இலை சருகாக நொறுங்கும் அளவுக்குக் காயவில்லை என்றால் அதன் ஈரமே அரிசியைக் கெடுத்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் வேப்பிலையும் நொச்சியும்தான். ஒரு பூச்சியையும் நான் கண்டதில்லை.

சுந்தரம், முலுண்ட்

தானியக் கிடங்கில் 30 ஆண்டுகள் தரம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். ரமணி ஐயா இலையின் ஈரத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தத் தஞ்சாவூர் வீட்டில் வேப்பிலை போட்டு வைத்தது அரிசியையா, நெல்லையா?

ரமணி, டோம்பிவிலி

பத்தாயத்தில் நெல்தான். அரிசியை அவ்வப்போது வேண்டிய அளவுக்கு அரைத்து வருவோம்.

சுந்தரம், முலுண்ட்

விஷயம் அதில்தான் இருக்கிறது. வெடிப்பில்லாத உமி இருக்கும்வரை இந்த மூக்கு வண்டு நெல்லுக்குள் எளிதில் நுழைய முடியாது. நெல்லுக்கு வருவது பெரும்பாலும் அந்துப்பூச்சி. அறுவடைக்குப் பின் நன்றாகக் காய்ந்த நெல், உமி, காற்றோட்டமான பத்தாயம் ஆகிய மூன்றும் செய்த வேலையின் பெயரை வேப்பிலை வாங்கிக்கொண்டது. உமி போன அரிசியை மும்பை ஜூலை ஈரத்தில் வைத்துவிட்டு அதே இலையிடம் அதே பலனை எதிர்பார்த்தால் கிடைக்காது.

லலிதா அம்மாவின் டிரம்முக்கு வருவோம். பெண் வண்டு அரிசியில் சிறு குழி குடைந்து, ஒரு முட்டையிட்டு, குழியை அடைத்துவிடும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் வெப்பத்தில் ஏறக்குறைய 5 வாரத்தில் வண்டாகத் துளைத்து வெளியே வரும். முட்டை மூட்டையிலேயே வந்திருந்தால், ஜூலைத் தொடக்கத்தில் வெளிப்பட்ட சில வண்டுகளைத்தான் இப்போது பார்க்கிறீர்கள். அவை இட்ட முட்டைகள் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து வெளிப்படும். இலையின் வாசனை வெளியே இருக்கும் வண்டைச் சற்று விலக்கலாமே ஒழிய, அரிசிக்குள் அடைபட்ட புழுவை எட்டாது. வேம்பின் வீரியம் விதையிலும் எண்ணெயிலும் மிகுதி. உலர்ந்த இலையில் குறைவு. பிரிஞ்சி இலைக்கும் இதே வரம்புதான். மிளகாயை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் வரமிளகாயைத் தின்றே வளரும் சிறு பழுப்பு வண்டுகள் உண்டு.

பச்சைப்பயறின் வெள்ளைப் புள்ளிகள் பயறு வண்டின் முட்டைகள். அந்த வண்டுக்கு முழுப் பயறுதான் விருப்பம் என்பதால் உடைத்த துவரம் பருப்பு தப்பித்திருக்கலாம்.

லலிதா, செம்பூர்

கடையிலிருந்தே வந்ததா, என் சமையலறையில் ஏறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த மழையில் வெயிலுக்கும் வழியில்லை.

சுந்தரம், முலுண்ட்

இந்த மூட்டையைப் பற்றி இனி உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த முறை வாங்கிய அன்றே 2 கைப்பிடி அரிசியைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, இறுக மூடாமல் மெல்லிய துணியைக் கட்டி, தனியாக 6 வாரம் வையுங்கள். அதில் வண்டு வந்தால் அது கடையிலிருந்து வந்ததுதான்.

வெயிலில் காய வைத்தால் வெளியே இருக்கும் வண்டு ஓடிவிடும், உள்ளே இருக்கும் புழு பெரும்பாலும் பிழைத்துவிடும். அரிசியும் வெடித்துக் குருணையாகும். ஆகவே உங்களுக்கு ஃப்ரீசர்தான் வழி. முதலில் சல்லடையில் சலித்துத் தூளையும் வண்டையும் நீக்குங்கள். பிறகு 2 கிலோ பைகளாகக் கட்டி, முழுக் குளிரில் 4 நாள் வையுங்கள். முட்டையும் புழுவும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம், அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் அரிசியின் மேல் நீராகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். பிறகு ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள டப்பாக்களில் விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி காலியான டிரம்மில் வண்டுக்கு வேண்டிய காற்று தாராளமாக இருக்கும்.

கார்த்திக், பவாய்

ரவையில் செந்நிறச் சிறு வண்டு வருகிறதே, அதற்கும் வேப்பிலைதானா? சலித்துவிட்டுச் சாப்பிடலாமா?

சுந்தரம், முலுண்ட்

தம்பி, இங்கே நாம் வேப்பிலையைப் பரிந்துரைக்கவில்லை. ரவையை அரைக் கிலோவுக்கு மேல் வாங்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கெட்ட வாடை அடித்தாலோ கட்டி கட்டியாக இருந்தாலோ எறிந்துவிடுங்கள்.

மீனாட்சி, தாணே

எங்கள் மராட்டிய அண்டை வீட்டார் ஆண்டுக்கு வேண்டிய கோதுமைக்கு எரண்டேல், அதாவது விளக்கெண்ணெய் தடவி வைக்கிறார்கள். சிலர் போரிக் பவுடரும் கலக்கிறார்கள். கடையில் மாத்திரை ஒன்றும் தருகிறார்கள், மூட்டைக்கு 1 போட்டால் போதுமாம்.

சுந்தரம், முலுண்ட்

விளக்கெண்ணெய் நல்ல முறை, குறிப்பாக முழுப் பயறுக்கு. கிலோவுக்கு 1 தேக்கரண்டி ஊற்றி ஒவ்வொரு மணியும் மினுங்கும்வரை பிசறினால், மேலே ஒட்டிய முட்டை பெரும்பாலும் பொரிக்காது. ஆனால் உள்ளே நுழைந்துவிட்ட புழுவுக்கு அது பயன்படாது. லலிதா அம்மாவின் துளை விழுந்த பயறை இப்போது எண்ணெயால் மீட்க முடியாது. போரிக் பவுடர் உணவில் சேரக் கூடாத பொருள், கழுவினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடாக இருந்தால், ஈரக் காற்றுப் பட்டதும் நச்சு வாயு கிளம்பும். மூடிய ஃப்ளாட்டில் ஆட்களே இறந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

லலிதா, செம்பூர்

3 வாரம் கழித்து எழுதுகிறேன். என் ஃப்ரீசரில் ஒரு முறைக்கு 4 கிலோதான் பிடித்தது. ஐந்தாவது சுற்று முடிந்து, கடைசி 2 கிலோ இப்போது உள்ளே இருக்கிறது. காத்திருந்த டிரம்மில் இன்று காலையும் 11 வண்டுகள் பொறுக்கினேன், முதலில் குளிரூட்டி நிரப்பிய டப்பாக்களில் ஒன்றுகூட இல்லை. பச்சைப்பயறை எறிந்துவிட்டேன். இனி 5 கிலோவாகத்தான் அரிசி வாங்குவதாக முடிவு.

ரமணி, டோம்பிவிலி

நல்லது. ஆனாலும் அந்த டப்பாக்களில் 4 வேப்பிலை போட்டு வையுங்கள்.

சுந்தரம், முலுண்ட்

சருகாகக் காய்ந்திருந்தால் போடட்டும் ஐயா, நான் தடுக்கவில்லை. ஒரு டப்பாவில் இலையோடும் இன்னொன்றில் இலையில்லாமலும் வைத்து, தீபாவளிக்குத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள், லலிதா அம்மா.